தவணை நாளும் தடைக்காலமும்: எட்டாம் வகுப்பு வட்டிக் கணக்கில் ஒரு காப்பீட்டுப் பாடம்

எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' அலகில் கூட்டுவட்டி நடத்திக்கொண்டிருந்தேன். வட்டி வரும் இடங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வங்கி, நகைக்கடன், குழுக்கடன் என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அப்பா இன்சூரன்ஸ் கட்டாம விட்டுட்டாங்க. இப்ப கட்டப் போனா வட்டியோட கட்டணும்னு சொல்லுதாங்க. நம்ம பணத்தை நாம கட்டுறதுக்கு எதுக்கு வட்டி?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அருகில் இருந்த மாணவன், "எங்க அம்மா மாசாமாசம் கட்டுதாங்க. வருஷத்துக்கு ஒருதடவை கட்டுனா லாபம்னு ஏஜெண்ட் மாமா சொன்னாங்க" என்றான். அவனுடைய அம்மா உப்பளத் தொழிலாளி.

இரண்டு கேள்விக்கும் அன்று முழுமையான விடை என்னிடம் இல்லை. என் பிரீமியம் சம்பளத்திலிருந்தே பிடித்தமாகிவிடுவதால் நான் அதை நினைத்துப் பார்த்ததே கிடையாது. பாலிசிப் பத்திரத்தைப் படித்து, விதிகளைத் தேடி, ஒரு வாரம் கழித்து இரண்டு பாடவேளைகளில் கணக்காகப் போட்டோம். அதையே இங்கே எழுதுகிறேன். கடற்கரைப் பள்ளிகளில் மட்டுமல்லாமல், பெற்றோரின் வருமானம் மாதச் சம்பளமாக வராத எந்தப் பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம்.

ஆண்டுத் தவணையா, மாதத் தவணையா?

எளிய எண்களாக எடுத்துக்கொண்டோம். காப்பீட்டுத் தொகை 2,40,000 ரூபாய், காலம் 20 ஆண்டு, அட்டவணைப்படி ஆண்டுப் பிரீமியம் 12,000 ரூபாய். ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்.ஐ.சி.யின் பல திட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் 2 சதவீதமும், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டினால் 1 சதவீதமும் தள்ளுபடி உண்டு. காலாண்டுக்கும் மாதத்துக்கும் தள்ளுபடி இல்லை. ஆகவே ஆண்டுத் தவணை 11,760 ரூபாய். அரையாண்டுத் தவணை 5,940 வீதம் இரண்டு, மொத்தம் 11,880 ரூபாய். மாதத் தவணை 1,000 வீதம் பன்னிரண்டு, மொத்தம் 12,000 ரூபாய். மாதமாகக் கட்டுபவர் ஆண்டுக்கு 240 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார்.

"அப்போ வருஷமாக் கட்டுறதுதான் லாபம்" என்று வகுப்பு முடிவு கட்டிவிட்டது. நான் அங்கே நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டேன். மாதமாகக் கட்டுபவர் முதல் நாளில் 1,000 ரூபாய்தான் கட்டினார். மீதி 10,760 ரூபாய் அவரிடமே இருக்கிறது. அதை அவர் பதினொரு மாதங்களில் கட்டி முடிக்கிறார். அப்படியானால் அந்த 240 ரூபாய் ஒரு வட்டிதானே? அது எத்தனை சதவீதம்?

கணக்கு இப்படிப் போகிறது. முதல் மாதம் அவர் கையில் நிற்பது 10,760, அடுத்த மாதம் 9,760, அதற்கடுத்து 8,760 என்று குறைந்துகொண்டே போய்ப் பதினோராம் மாதத்தில் 760. இந்தப் பதினொரு எண்களைக் கூட்டினால் 63,360. அதாவது 63,360 ரூபாயை ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு வட்டி 240 ரூபாய். 240-ஐ 63,360-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.38 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் நாலரை சதவீதம். நகைக்கடன் வட்டியைவிட இது குறைவு. கையில் பணமில்லாதவர் 11,760 ரூபாயைக் கடன் வாங்கி ஆண்டுத் தவணை கட்டினால் அவருக்கு நட்டம்தான்.

எல்லா நிறுவனங்களும் இப்படிக் கணக்கிடுவதில்லை. சில நிறுவனங்கள் ஆண்டுப் பிரீமியத்தை ஒரு காரணியால் பெருக்கி மாதத் தவணையைச் சொல்லும். அந்தக் காரணி 0.088 என்று வைத்துக்கொண்டோம். 12,000-ஐ அதனால் பெருக்கினால் மாதம் 1,056, ஆண்டுக்கு 12,672 ரூபாய். கூடுதல் 672. "5.6 சதவீதம்தானே டீச்சர்" என்றார்கள். முன்பு செய்தது போலவே நிலுவைகளைக் கூட்டச் சொன்னேன். 10,944-இல் தொடங்கி மாதம் 1,056 வீதம் குறைந்து 384-இல் முடியும் பதினொரு எண்களின் கூட்டுத்தொகை 62,304. 672-ஐ அதனால் வகுத்தால் மாதம் 1.08 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம். 5.6 என்று கண்ணுக்குத் தெரிந்தது 13 ஆகிவிட்டது. பணம் முழு ஆண்டும் அவர் கையில் நிற்கவில்லை, சராசரியாகப் பாதித் தொகைதான் நின்றது என்பதே காரணம். தவணை முறையில் பொருள் வாங்கும்போதும் இதே கணக்குதான்.

எனவே எது லாபம் என்ற கேள்விக்கு முதல் விடை: தள்ளுபடி விகிதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அதை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

சலுகை நாள்களும் தடைக்காலமும்

தவணை நாள் தவறினால் பாலிசி அன்றே போய்விடாது. சலுகைக் காலம் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள், மற்றத் தவணைகளுக்கு 30 நாள். இது இந்தியாவில் எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை. சலுகைக் காலத்துக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை. அந்த நாள்களுக்குள் பாலிசிதாரர் இறந்துவிட்டாலும் காப்பீட்டுத் தொகை உண்டு. கட்ட வேண்டிய பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். சலுகைக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து பாலிசி காலாவதி.

இந்த இடத்தில் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்து பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்தேன். "உங்கள் வீட்டில் பணம் வராத மாதங்களை நிழலிடுங்கள்" என்றேன். விசைப்படகுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை நிழலிட்டார்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அக்டோபர், நவம்பர், டிசம்பரை நிழலிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் வேலை கிடையாது. நாட்டுப்படகு, சங்கு குளிப்பு, துறைமுகச் சுமைப்பணி என்று ஒவ்வொருவர் வட்டமும் வேறு வேறு மாதிரி வந்தது. என் வட்டத்தில் மட்டும் நிழலே இல்லை.

இப்போது அந்த மாணவியின் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு ஆண்டுத் தவணை மே 10 என்று வைத்துக்கொள்வோம். சலுகைக் காலம் 30 நாள், ஜூன் 9-இல் முடிகிறது. தடைக்காலம் முடிவதோ ஜூன் 14. ஐந்து நாள் வித்தியாசத்தில் பாலிசி காலாவதி ஆகிறது. படகு கடலுக்குப் போனாலும் முதல் வாரப் பங்கு பழைய கடனுக்கும் பள்ளிச் செலவுக்கும் போய்விடும். ஆண்டுதோறும் இதே சிக்கல் வரும். அவர் அக்கறையற்றவர் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. தவணை நாள் தவறான மாதத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் மாதத் தவணைக்கு மாறினால்? ஆண்டுக்குப் பன்னிரண்டு தவணை நாள்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நாள் மட்டுமே சலுகை. மே 10 தவணை மே 25-உடன் முடிந்துவிடும். தடைக்காலத்தில் இரண்டு தவணைகள் தவறக்கூடும். ஆனால் அடைக்க வேண்டியது இரண்டாயிரம் ரூபாயும் சொற்ப வட்டியும்தான். ஆண்டுத் தவணையில் தவறுவதற்கு ஒரே வாய்ப்பு, ஆனால் தவறினால் ஒரே நேரத்தில் 11,760 ரூபாயைத் திரட்ட வேண்டும். மாதத்தில் அடிக்கடி சிறு ஓட்டை, ஆண்டில் எப்போதாவது பெரிய ஓட்டை. எதுவானாலும் ஓட்டை திறந்திருக்கும் நாள்களில் குடும்பத்துக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

இதற்குப் பிள்ளைகளே கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்திருந்தது. தவணை நாளை நிழல் இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலிசி தொடங்கும் தேதிதான் ஒவ்வொரு ஆண்டும் தவணைத் தேதி. ஆகவே விசைப்படகுக் குடும்பம் ஆகஸ்டில் பாலிசி தொடங்கினால் ஆண்டுத் தவணை எப்போதும் ஆகஸ்டில் விழும். உப்பளக் குடும்பத்துக்கு அரையாண்டுத் தவணை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் விழுந்தால் இரண்டும் வேலையுள்ள மாதங்கள். ஏற்கெனவே பாலிசி எடுத்தவர்கள் ஆண்டு நிறைவை ஒட்டிக் கிளையில் விண்ணப்பம் கொடுத்துத் தவணை முறையை மாற்றிக்கொள்ளலாம். தேதி மாறாது, முறைதான் மாறும்.

இன்னொரு வழியும் உண்டு. 11,760-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 980. மாதம் 980 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பிலோ சுய உதவிக் குழுவிலோ போட்டுவந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டலாம். ஒரு மாதம் போட முடியாவிட்டாலும் பாலிசிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு தவணை நாள்களின் அபாயம் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

காலாவதி ஆனால் என்ன மிஞ்சும்?

மீண்டும் அதே பாலிசி. 2020 மே 10-இல் தொடங்கியது. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுப் பிரீமியங்கள் கட்டப்பட்டன. 2023 மே 10 தவணை கட்டப்படவில்லை. ஜூன் 9 தாண்டிவிட்டது.

இதில் கட்டிய பணம் முழுவதும் போய்விடாது. சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியில், வரையறுத்த ஆண்டுகள் முழுமையாகக் கட்டியிருந்தால் அது குறைந்த தொகைக்கான பாலிசியாக நிற்கும். கட்டிய ஆண்டுகளை மொத்த ஆண்டுகளால் வகுத்துக் காப்பீட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். இங்கே 3-ஐ 20-ஆல் வகுத்து 2,40,000-ஆல் பெருக்கினால் 36,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் அவர் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 2,40,000-க்குப் பதில் சுமார் 36,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். கட்டிய 35,280 ரூபாய் ஏறக்குறையத் திரும்பி வந்தது போல இருக்கும். காப்பீடு என்ற பகுதி காணாமல் போயிருக்கும்.

வரையறுத்த ஆண்டுகள் நிறைவதற்குள் நிறுத்தினாலும், சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் பாதுகாப்புப் பாலிசி என்றாலும் இந்த மிச்சமும் இருக்காது. காலாவதியான பாலிசியில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பதே பழங்காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எலிசூர் ரைட் என்ற கணித ஆசிரியர் இதை எதிர்த்துப் பேசி, 1861-இல் சட்டமே வரச் செய்தார். கட்டிய பணத்துக்கு ஈடாகப் பாதுகாப்பு தொடர வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். ஒரு கணித ஆசிரியர் செய்த வேலை என்று சொன்னபோது வகுப்பில் கொஞ்சம் பெருமையாக நின்றுகொண்டேன்.

புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

முதலில் தவறிய தவணை நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பாலிசியைப் புதுப்பிக்கலாம். பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசிக்கு இது மூன்று ஆண்டு. நம் கணக்கில் 2028 மே வரை நேரம் இருக்கிறது. அவர் 2025 மே 10-இல் புதுப்பிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவறிய பிரீமியங்களும் அவற்றுக்கான வட்டியும் கட்ட வேண்டும். வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும். விகிதத்தை நிறுவனம் அவ்வப்போது மாற்றும். வகுப்புக்காக ஆண்டுக்கு 9 சதவீதம், அதாவது அரையாண்டுக்கு 4.5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டோம். வரியை இதில் சேர்க்கவில்லை.

2023 மே தவணை இரண்டு ஆண்டு தாமதம், அதாவது நான்கு அரையாண்டுகள்.
11,760 × (1.045)⁴ = 14,024. வட்டி 2,264 ரூபாய்.

2024 மே தவணை ஓர் ஆண்டு தாமதம், இரண்டு அரையாண்டுகள்.
11,760 × (1.045)² = 12,842. வட்டி 1,082 ரூபாய்.

2025 மே தவணைக்குத் தாமதம் இல்லை. வட்டி இல்லை.

ஆக, நிலுவை 23,520, வட்டி 3,346, நடப்புத் தவணை 11,760. மொத்தம் 38,626 ரூபாய். தடைக்காலத்தில் 11,760 ரூபாய்க்கு வழியில்லாமல் விட்டவர் அதே தடைக்காலத்தில் 38,626 ரூபாய் கொண்டுவர வேண்டும். பாலிசியைத் தொலைப்பது எளிது, மீட்பது கடினம் என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

இவரே மாதத் தவணைக்காரராக இருந்து இரண்டு ஆண்டு கட்டாமல் விட்டிருந்தால்? 24 தவணை, 24,000 ரூபாய் நிலுவை. முதல் தவணைக்கு 24 மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,340 ரூபாய். ஆண்டுத் தவணைக்காரரைவிடச் சுமார் ஆயிரம் ரூபாய் குறைவு. தவணைகள் பின்னால் பின்னால் விழுவதால் சராசரித் தாமதம் குறைகிறது. ஆண்டுத் தள்ளுபடியில் இரண்டு ஆண்டில் மிச்சமாகும் 480 ரூபாயை இந்த வட்டி வித்தியாசமே விழுங்கிவிடுகிறது. தவறாமல் கட்டுகிறவருக்கு மட்டுமே ஆண்டுத் தள்ளுபடி லாபம்.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு எல்.ஐ.சி.யில் தவணையாகப் புதுப்பிக்கும் வழியும், பாலிசியின் மேல் கடன் பெற்றுப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. அவ்வப்போது சிறப்புப் புதுப்பிப்பு இயக்கம் நடத்தித் தாமதக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வார்கள். பிரீமிய நிலுவையில் தள்ளுபடி இருக்காது.

பணத்தைத் தாண்டிய நிபந்தனை

புதுப்பிக்கும்போது உடல்நல அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். தாமதம் நீண்டால் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். இடையில் சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ வந்திருந்தால் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், புதுப்பிக்க மறுக்கவும் செய்யலாம். "பழைய பாலிசிதானே, ஏன் புதிதாகக் கேட்கிறார்கள்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. காலாவதியாக விட்டவர்களில் நோய் வந்தவர்களே முதலில் ஓடிவந்து புதுப்பிப்பார்கள், நலமாக இருப்பவர்கள் வரமாட்டார்கள். அப்படி நடந்தால் மற்றவர்கள் கட்டும் பிரீமியம் போதாது. வட்டி பணத்தின் தாமதத்துக்கு, உடல்நல அறிக்கை இந்த ஒருதலைச் சேர்க்கையைத் தடுப்பதற்கு. மாணவி கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

நாம் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. காப்பீட்டுச் சட்டம், 1938-இன் 45-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுவனம் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. ஆனால் 2015-இல் திருத்தப்பட்ட அப்பிரிவு, பாலிசி வழங்கிய நாள், புதுப்பித்த நாள் முதலியவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்தே மூன்று ஆண்டுகளை எண்ணச் சொல்கிறது. நம் கணக்கில் 2020-இல் தொடங்கிய பாலிசிக்கு 2023 மே மாதமே அந்தப் பாதுகாப்பு வந்திருக்கும். 2025-இல் புதுப்பித்ததால் மீண்டும் 2028 மே வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இறப்பு நேர்ந்தால், புதுப்பிக்கும்போது கொடுத்த உடல்நல அறிக்கையை நிறுவனம் ஆராயலாம். ஆகவே அந்தப் படிவத்தை வேறொருவர் அவசரமாக 'இல்லை, இல்லை' என்று நிரப்பித் தர, பாலிசிதாரர் கையெழுத்து மட்டும் போடக் கூடாது. உள்ள நோயை உள்ளபடி எழுத வேண்டும்.

மே மாதத்து 456 ரூபாய்

வகுப்பில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பெரிய பாலிசி அன்று. வங்கிக் கணக்கோடு இணைந்த இரண்டு திட்டங்கள்தான். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இரண்டுக்கும் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. பணம் மே 25 முதல் 31-க்குள் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும்.

வட்டத்தை மறுபடி பாருங்கள். மே கடைசி வாரம் தடைக்காலத்தின் நடுப்பகுதி. விசைப்படகுத் தொழிலாளியின் கணக்கு ஆண்டிலேயே மிகக் காலியாக இருக்கும் வாரம் அது. 456 ரூபாய் இல்லாமல் பிடித்தம் நடக்காவிட்டால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. தடை முடிந்து ஜூன் 15-இல் முதல்நாள் கடலுக்குப் போகிறவர் காப்பீடு இல்லாமல் போகிறார். பிறகு சேர்ந்தால் பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் பாதுகாப்பு. ஜீவன் ஜோதியில் விலகி மீண்டும் சேர்பவருக்கு, விபத்து அல்லாத இறப்புக்கு முதல் 30 நாள் தொகை கிடைக்காது.

தீர்வு சிறியது. ஏப்ரல் 15-க்கு முன்பு, கையில் கடைசிப் பங்கு வந்திருக்கும்போதே 456 ரூபாயைக் கணக்கில் போட்டு, ஜூன் முதல் வாரத்தில் வங்கிப் புத்தகத்தில் இரண்டு பிடித்தங்களும் பதிவாகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். குறைந்தபட்ச இருப்புக்காகவோ வேறு கட்டணத்துக்காகவோ வங்கி ஏதேனும் எடுத்தால் அந்த 456 குறைந்துவிடும் என்பதால் ஐந்நூறுக்கு மேல் வைத்திருப்பது நல்லது. ஆண்டுத் தேர்வுக்கு முன் மாணவர் நாட்குறிப்பில் இந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன்.

நம் சம்பளப் பட்டியலில்

கடைசியாக நம்மைப் பற்றி. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பாலிசி எடுத்த ஆசிரியர்களுக்கு மாதத் தவணை அலுவலகம் வழியாகவே போகிறது. வட்டத்தில் நிழல் இல்லை என்று நான் நினைத்தது முழு உண்மை அன்று. மாறுதலில் வேறு ஒன்றியம் போகும்போது புதிய அலுவலகத்தில் பிடித்தம் தொடராமல் போகலாம். ஊதியமில்லா விடுப்பில் பிடிப்பதற்குச் சம்பளமே இருக்காது. அந்த மாதத் தவணைகளை நாமே நேரில் கட்ட வேண்டும்.

அலுவலகம் அனுப்பத் தவறினால் யார் பொறுப்பு என்பது உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு. டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவருக்கு இத்திட்டத்தில் பாலிசி இருந்தது. பணி நிறுவனம் வழியாகப் பிரீமியம் போய்ச் சேரவில்லை. அவர் இறந்தபின், பாலிசி காலாவதி என்று தொகை மறுக்கப்பட்டது. அவருடைய மனைவி பசந்தி தேவியின் வழக்கில் 1999-இல் தீர்ப்பு வந்தது. பிரீமியத்தைப் பெற்று அனுப்பும் வேலையில் பணி நிறுவனம் எல்.ஐ.சி.யின் முகவராகவே செயல்படுகிறது, ஆகவே அதன் தவறுக்காகக் குடும்பத்துக்குத் தொகையை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். 2005-இல் இன்னொரு வழக்கிலும் இதே நிலை உறுதியானது. தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். ஆனால் அந்தக் குடும்பம் அதற்காக எத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது என்பதையும் எண்ண வேண்டும். சம்பளப் பட்டியலில் பிடித்தம் இருப்பது வேறு, பாலிசிக் கணக்கில் வரவு இருப்பது வேறு. ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளையிலோ இணையத்திலோ 'கடைசியாகக் கட்டிய தவணை எந்த மாதம்' என்று பார்த்து, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நான் ஒப்பிட்டபோது மாறுதலான ஆண்டில் இரண்டு மாதங்கள் விடுபட்டிருந்தன. வட்டியோடு கட்டிவிட்டு, அந்த ரசீதையே அடுத்த வகுப்பில் கணக்காகப் போட்டோம்.

கேள்வி கேட்ட மாணவி தன் வீட்டுப் பாலிசிக்கான புதுப்பிப்புத் தொகையை வீட்டுப்பாடமாகத் தானே கணக்கிட்டு எழுதிவந்தாள். கீழே பென்சிலில் ஒரு வரி: "ஆகஸ்டுல கட்டலாம்னு அப்பா சொன்னாங்க. அதுக்குள்ள எவ்வளவு கூடும்னு போட்டுத் தரணும்." அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பே சேர்ந்து போட்டது.